அலகு இல்லாத எண்: மண் அறிக்கையைப் படித்துச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உதவி வேளாண்மை அலுவலராக ஊர் ஊராகப் போகிறவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் களப்பணியாளர்கள், உரக்கடையில் நின்றபடியே அறிக்கையை வாங்கிப் பார்க்கிறவர்கள், அப்பாவுக்காகத் தாளைப் படித்துச் சொல்லும் மகன்கள், மகள்கள் என உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். மண்ணைச் சோதிப்பவர் ஆய்வகத்தில் இருக்கிறார். உரத்தை இடுபவர் வயலில் இருக்கிறார். நடுவில் நின்று எண்ணைச் சொல்லாக மாற்றுகிற வேலை நம்முடையது. "மணிச்சத்து கம்மி" என்று நாம் சொன்னால் உரம் கூடுகிறது, "அதிகம்" என்றால் குறைகிறது. அந்த ஒரு சொல்லை நான் ஒருமுறை தவறாகச் சொல்லிவிட்டேன். அது எப்படி நடந்தது, எப்படித் தவிர்த்திருக்கலாம் என்று விவரமாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

சில ஆண்டுகளுக்கு முன், சம்பா நடவுக்கு ஒரு வாரம் இருந்தபோது, காவிரி டெல்டாவில் எனக்குப் பழக்கமான உழவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஓர் ஆய்வகம் கொடுத்த மண் பரிசோதனை அறிக்கை அது. மகன் படம் எடுத்தபோது தாளின் வலது ஓரம் விட்டுப்போயிருந்தது. சத்தின் பெயரும் எண்ணும் தெரிந்தன. அலகு எழுதியிருந்த பத்தியும், குறைவு, மத்திமம், அதிகம் என்று எழுதியிருந்த பத்தியும் படத்தில் இல்லை. தெரிந்தது இவ்வளவுதான்:

கார அமில நிலை: 7.8
மின் கடத்தும் திறன்: 0.42
அங்ககக் கரிமம்: 0.48
தழைச்சத்து: 96
மணிச்சத்து: 10
சாம்பல் சத்து: 106
துத்தநாகம்: 0.8

அதற்குக் கீழே, "ஏக்கருக்கு 76 – 15 – 20" என்று ஒரு வரி பாதி மங்கலாக இருந்தது.

"தம்பி, மணிச்சத்து கம்மியா, ஜாஸ்தியா? அத மட்டும் சொல்லுங்க, டிஏபி எடுக்கணும்" என்றார். தமிழ்நாட்டில் நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் அளவுகள் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன. எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் மணிச்சத்து குறைவு, 11 முதல் 22 வரை மத்திமம், 22க்கு மேலே அதிகம். அவர் தாளில் இருந்தது 10. "கம்மிதாண்ணே" என்று சொல்லிவிட்டேன். மத்திய கால நெல்லுக்கான பொதுப் பரிந்துரையில் கால் பங்கு கூட்டி, ஏக்கருக்கு 25 கிலோ மணிச்சத்து வருகிற மாதிரி 54 கிலோ டிஏபி எழுதிக் கொடுத்தேன்.

நட்டு மூன்று வாரத்தில் கீழ் இலைகளில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் வந்தன. இளம் இலைகளின் நடுநரம்பு அடியில் வெளுத்திருந்தது. துத்தநாகப் பற்றாக்குறை என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்போதுதான் முழுத் தாளையும் கேட்டு வாங்கினேன். வெட்டுப்பட்ட ஓரத்தில், மணிச்சத்துக்கு நேரே "பிபிஎம்" என்று இருந்தது. அதற்கு அடுத்த பத்தியில் "அதிகம்".

அந்தத் தாளை அன்றைக்கே எப்படிப் படித்திருக்க வேண்டும் என்பதை இப்போது சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, அலகைத் தானே காட்டிக்கொடுக்கும் எண்களைத் தனியாக ஒதுக்குவது. கார அமில நிலைக்கு அலகே கிடையாது. 7.8 என்றால் லேசான காரத் தன்மை, அவ்வளவுதான். மின் கடத்தும் திறனைச் சில ஆய்வகங்கள் டெசி சைமன்ஸ் கணக்கிலும், சில மைக்ரோ சைமன்ஸ் கணக்கிலும் தருகின்றன. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு இடைவெளி இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. 0.42 என்பது மைக்ரோ சைமன்ஸாக இருக்கவே முடியாது, காய்ச்சி வடித்த நீரே வழக்கமாக அதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே அது டெசி சைமன்ஸ். 1க்குக் கீழே இருப்பதால் உப்புத் தொல்லை இல்லை. அதே வயலுக்கு 420 என்று வந்திருந்தாலும் பொருள் இதுதான். அங்ககக் கரிமம் 0.48 என்பது சதவீதம். ஒரு கிலோ மண்ணில் எத்தனை கிராம் என்ற கணக்கில் தந்திருந்தால் இதே மண்ணுக்கு 4.8 என்று வந்திருக்கும். கிலோவுக்கு 0.48 கிராம் கரிமம்தான் இருக்கிறது என்றால் அது ஏறக்குறைய வெறும் மணல், டெல்டா வயல் அப்படி இராது. இந்த மூன்று வரிகளிலும் அலகு இல்லாததால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை.

தொல்லை அடுத்த மூன்று வரிகளில் இருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றையும் மூன்று விதமாக அச்சிடுகிறார்கள். எக்டருக்கு இத்தனை கிலோ என்பது ஒன்று, மண்வள அட்டையில் இப்படித்தான் இருக்கும். ஏக்கருக்கு இத்தனை கிலோ என்பது இன்னொன்று. பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்பது மூன்றாவது. ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் என்று எழுதினாலும் அதுவும் பிபிஎம்தான். இந்த மூன்றுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம் கிடையாது. இரண்டு, இரண்டரை மடங்குதான். அதனால்தான் எண்ணைப் பார்த்து அலகைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. 10 என்பது மூன்று கணக்கிலும் இயல்பாக வரக்கூடிய எண்.

ஒன்றை இன்னொன்றாக மாற்றும் கணக்கை மனப்பாடம் செய்வதைவிட, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மறக்காது. ஒரு எக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். நெல் வயலில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுக்கிறோம். அந்த மேல்மண் முழுவதன் எடை, சுமாரான இறுக்கம் உள்ள மண்ணில், ஏறக்குறைய 22.4 லட்சம் கிலோ. பத்து லட்சம் கிலோ மண்ணில் ஒரு கிலோ இருந்தால் அது 1 பிபிஎம். ஆகவே 22.4 லட்சம் கிலோவில் 2.24 கிலோ இருக்கும். பிபிஎம்மை 2.24 ஆல் பெருக்கினால் எக்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். ஏக்கர் கணக்கில் இருந்தால் 2.47 ஆல் பெருக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம். தென்னைக்கும் மாவுக்கும் 30, 60 சென்டிமீட்டர் வரை எடுத்த மண்ணுக்கு இந்த 2.24 செல்லாது. ஆழம் மாறினால் மண்ணின் எடையும் மாறிவிடும்.

இனி அந்த மூன்று எண்களையும் மூன்று கணக்கிலும் வைத்துப் பார்ப்போம்.

தழைச்சத்து 96. எக்டர் கணக்கு என்றால் அது 96 கிலோ. பிபிஎம் என்றால் எக்டருக்கு 215, ஏக்கர் கணக்கு என்றால் 237. எக்டருக்கு 280 கிலோவுக்குக் கீழே எல்லாமே குறைவு. எப்படிப் படித்தாலும் முடிவு ஒன்றுதான் என்பதால் இங்கே அலகு தெரியாமலே துணிந்து சொல்லலாம்.

சாம்பல் சத்து 106. எக்டர் கணக்கு என்றால் 118க்குக் கீழே இருப்பதால் குறைவு. பிபிஎம் என்றால் 237, ஏக்கர் கணக்கு என்றால் 262, இரண்டுமே 118க்கும் 280க்கும் நடுவே இருப்பதால் மத்திமம். முடிவு ஒரு படி மாறுகிறது.

மணிச்சத்து 10. எக்டர் கணக்கு என்றால் குறைவு. பிபிஎம் என்றால் 22.4, ஏக்கர் கணக்கு என்றால் 24.7, இரண்டுமே அதிகம். குறைவிலிருந்து நேராக அதிகத்துக்கு, நடுவில் மத்திமத்தைத் தாண்டி இரண்டு படி மாறுகிறது. நான் விழுந்த இடம் இதுதான்.

இப்படி எழுதிப் பார்த்தால் இன்னொன்றும் தெளிவாகும். பிபிஎம்மா, ஏக்கரா என்ற கேள்வி இந்தத் தாளில் எதையும் மாற்றவில்லை. 2.24க்கும் 2.47க்கும் பத்து சதவீதம்தான் வித்தியாசம். ஆகவே ஆய்வகத்தைக் கேட்க வேண்டியது "எக்டர் கணக்கா, இல்லையா?" என்ற ஒன்றைத்தான்.

ஒரு தடயம் அந்தத் தாளிலேயே இருந்தது. அரை சதவீதத்தை ஒட்டி அங்ககக் கரிமம் உள்ள நெல் வயலில், எக்டருக்கு 96 கிலோ தழைச்சத்து என்பது மிகவும் தாழ்ந்த அளவு. அப்படிப்பட்ட மண்ணில் நான் வழக்கமாகப் பார்ப்பது 150க்கு மேலேதான். 215 என்றால் பொருந்துகிறது. ஒரே தாளில் மூன்று சத்துக்கும் ஒரே அலகைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். ஆகவே தழைச்சத்து எண் கரிமத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், எக்டர் கணக்கு என்று நாம் எடுத்துக்கொண்டது தவறாக இருக்கலாம். இது நிரூபணம் ஆகாது. சந்தேகப்படுவதற்கு இது போதும்.

அடுத்து, அலகைப் போலவே காணாமல் போகிற இன்னொரு விஷயம் சத்து எந்த வடிவத்தில் கணக்கிடப்பட்டது என்பது. மண்ணில் உள்ள மணிச்சத்தைப் பெரும்பாலும் வெறும் P என்ற தனிமமாகவே அளந்து எழுதுகிறார்கள். நான் மேலே சொன்ன 11, 22 என்ற எல்லைகளும் தனிமக் கணக்குத்தான். உர மூட்டையிலோ P2O5 என்ற கணக்கு. டிஏபியில் 46 சதவீதம் என்பது P2O5. தனிமத்தை 2.29 ஆல் பெருக்கினால் P2O5 வரும். சாம்பல் சத்தில் K என்பதை 1.2 ஆல் பெருக்கினால் K2O வரும். சில ஆய்வகங்கள் மண்ணின் அளவையும் P2O5 ஆகவே தருகின்றன. நம் தாளில் உள்ள 10 அப்படி P2O5 ஆகவும் பிபிஎம் ஆகவும் இருந்திருந்தால், தனிமக் கணக்கில் அது 4.4 பிபிஎம், எக்டருக்கு 9.8 கிலோ, அதாவது திரும்பவும் குறைவு. அதனால் கேள்வி இரண்டாகிறது. எக்டர் கணக்கா, இல்லையா? P ஆ, P2O5 ஆ? இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை மணிச்சத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

இதோடு சேர்ந்த ஒரு தவறையும் பல இடங்களில் பார்க்கிறேன். "பரிந்துரை 50, மண்ணில் 10 இருக்கிறது, ஆகவே 40 போடுங்கள்" என்று கழித்துச் சொல்கிறார்கள். ஒன்று P, மற்றது P2O5 என்பதால் அந்தக் கழித்தலே செல்லாது. அதைவிட முக்கியமாக, ஆய்வகம் தரும் எண் பெட்டியில் இருக்கும் ரொக்கம் போன்றது அல்ல. ஒரு குறிப்பிட்ட கரைசலால் மண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடிந்த அளவு அது. மண் வளமானதா, வளம் குன்றியதா என்று காட்டும் அடையாளமாகவே அதைக் கொள்ள வேண்டும்.

பதிலை எங்கே தேடுவது? நான்கு இடங்கள் உண்டு. குறைவு, அதிகம் என்ற சொல் தாளில் இருந்தால் அதையும் எண்ணையும் ஒப்பிட்டாலே அலகு தெரிந்துவிடும். 10க்குப் பக்கத்தில் "அதிகம்" என்று இருந்தால் அது எக்டர் கணக்கு அல்ல. அந்தச் சொல் இல்லை என்றால், அதே ஆய்வகத்தில் சோதித்த பக்கத்து வயல்காரரின் முழுத் தாளைப் பாருங்கள். ஒரே ஆய்வகம் பெரும்பாலும் ஒரே படிவத்தைத்தான் பயன்படுத்தும். தாளில் உள்ள மாதிரி எண்ணைச் சொல்லி ஆய்வகத்தையே கேட்பது எல்லாவற்றிலும் உறுதியான வழி. இரண்டு நிமிட வேலை.

நான்காவது இடம், நான் கண்ணெதிரே வைத்துக்கொண்டே பார்க்காமல் விட்ட இடம்: அடியில் இருந்த உரப் பரிந்துரை. மத்திய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 150 – 50 – 50. ஏக்கருக்கு மாற்றினால் ஏறத்தாழ 61 – 20 – 20. மண்ணில் சத்து குறைவு என்றால் கால் பங்கு கூட்டுவதும், அதிகம் என்றால் கால் பங்கு குறைப்பதும் நடைமுறை. தாளில் இருந்தது 76 – 15 – 20. முதல் எண் 61லிருந்து 76 ஆகக் கூடியிருக்கிறது, ஆகவே ஆய்வகம் தழைச்சத்தைக் குறைவு என்று எடுத்திருக்கிறது. மணிச்சத்து 20லிருந்து 15 ஆகக் குறைந்திருக்கிறது, அதாவது அதிகம். சாம்பல் சத்து 20 ஆகவே நிற்கிறது, அது மத்திமம். குறைவு, அதிகம், மத்திமம் என்ற இந்த வரிசை பிபிஎம் அல்லது ஏக்கர் கணக்கில், தனிம வடிவில் மட்டுமே வரும். எக்டர் கணக்காக இருந்திருந்தால் 76 – 25 – 25 என்று வந்திருக்கும். கணக்கை இப்படித் திருப்பிப் போட்டிருந்தால் அலகு வெட்டுப்பட்டிருந்தும் விடை கையில் இருந்திருக்கும். எல்லாத் தாளிலும் இந்த வழி உதவாது. எந்த மண்ணாக இருந்தாலும் பொதுப் பரிந்துரையையே அச்சடித்துத் தருகிறவர்களும் உண்டு. தழைச்சத்து எப்படிப் பார்த்தாலும் குறைவாக இருந்தும் பரிந்துரை 61 என்றே நின்றால், அந்த வரி நமக்கு எதையும் சொல்லவில்லை என்று பொருள்.

எங்கேயும் பதில் கிடைக்கவில்லை, நாளைக் காலையில் நடவு என்றால் என்ன செய்வது? தழைச்சத்தையும் பொட்டாஷையும் தவணையாகத்தான் கொடுக்கிறோம். முதல் தவணையைப் பொது அளவில் கொடுத்துவிட்டு மீதியைப் பதில் வந்தபின் திருத்திக்கொள்ளலாம். மணிச்சத்து முழுவதும் அடியுரமாகவே போகிறது, பின்னால் திருத்த முடியாது. அதனால் நடு அளவில் நில்லுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து, அதாவது 43 கிலோ டிஏபி. உண்மையில் அதிகமாக இருந்தால் தேவை 33 கிலோ, குறைவாக இருந்தால் 54 கிலோ. நடுவில் நின்றால் தவறு எந்தப் பக்கம் இருந்தாலும் பத்து, பதினோரு கிலோவோடு முடிந்துவிடும். என்னைப் போல ஒரு பக்கம் சாய்ந்தால் இருபது கிலோவுக்கு மேல் போய்விடும், கிட்டத்தட்ட அரை மூட்டை.

கடைசியாக, எனக்கு இன்றும் உறுத்துகிற வரி: துத்தநாகம் 0.8. நுண்ணூட்டங்களைப் பெரும்பாலும் பிபிஎம்மில்தான் தருவார்கள். மண்வள அட்டையிலும் பேரூட்டங்களுக்கு ஓர் அலகு, இவற்றுக்கு வேறு அலகு. தமிழ்நாட்டில் துத்தநாகத்துக்கு நாம் வைத்திருக்கும் எல்லை 1.2 பிபிஎம். 0.8 பிபிஎம் அதற்குக் கீழே. ஏக்கர் கணக்கு என்று வைத்தால் 0.88 பிபிஎம், எக்டர் கணக்கு என்று வைத்தால் 0.36 பிபிஎம். எல்லாமே பற்றாக்குறைதான். அலகே இல்லாமல் அடித்துச் சொல்லியிருக்கலாம்: நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து தூவுங்கள், டிஏபியோடு சேர்த்துக் கலக்காதீர்கள் என்று. நான் சொல்லவில்லை. அலகு இல்லாமல் சொல்லக் கூடாததைச் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். மணிச்சத்து மிகுந்தால் பயிரில் துத்தநாகப் பற்றாக்குறை இன்னும் கடுமையாகும். அந்த வயலில் வந்த புள்ளிகளுக்கு நான் கூட்டிக் கொடுத்த டிஏபி மட்டுமே காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மண்ணிலேயே துத்தநாகம் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே குறைவாக இருந்ததை என் சொல் மேலும் இறுக்கியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். படத்தை வைத்துச் சொல்லாதீர்கள், முழுத் தாளைக் கேளுங்கள். தாளைக் கையில் வாங்கியதும் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அதன் அலகைப் பேனாவால் எழுதுங்கள். தெரியாத இடத்தில் "அலகு தெரியவில்லை" என்று எழுதி, அந்த எண்ணை மூன்று கணக்கிலும் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் முடிவு ஒன்றாக இருந்தால் சொல்லுங்கள். மாறினால், "அண்ணே, இதுல கணக்கு தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் பேசுங்கள். உழவர் அந்த ஒரு நாளை உங்களுக்குத் தருவார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்